டார்கெட் எங்கே: முந்தைய உச்சத்திலா, ரிஸ்க்கின் மடங்கிலா?

பங்கு வாங்கும் டிரேடர், வாங்குவதற்கு முன்பே இரண்டு விலைகளை முடிவு செய்கிறார். விலை இறங்கினால் எங்கே நட்டத்தோடு வெளியேறுவது என்பது ஸ்டாப்லாஸ். ஏறினால் எங்கே லாபத்தை எடுத்துக்கொள்வது என்பது டார்கெட். வாங்கிய விலைக்கும் ஸ்டாப்லாஸுக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்த டிரேடின் ரிஸ்க். 500 ரூபாய்க்கு வாங்கி 480-ல் ஸ்டாப்லாஸ் வைத்தால், ஒரு பங்குக்கு ரிஸ்க் 20 ரூபாய்.

டார்கெட் வைப்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. முதல் வழக்கத்தில் டிரேடர் சார்ட்டைப் பார்க்கிறார். விலை கடைசியாக எங்கே ஏறிப்போய் முட்டித் திரும்பியதோ, அந்த முந்தைய உச்சத்தில் டார்கெட்டை வைக்கிறார். டிரேடர்கள் இதை ஸ்விங் ஹை என்பார்கள். இரண்டாவது வழக்கத்தில் சார்ட்டின் பழைய உச்சங்களுக்கு வேலை இல்லை. ரிஸ்க்கை இரண்டாலோ மூன்றாலோ பெருக்கி, அவ்வளவு தூரத்தில் டார்கெட் வைக்கப்படுகிறது. மேலே சொன்ன பங்கில் 2 மடங்கு என்றால் 540, 3 மடங்கு என்றால் 560.

எந்த வழக்கத்தில் அதிக டிரேடுகள் ஜெயிக்கும் என்பதுதான் பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி. ஆனால் வெற்றி விகிதம் என்பது பெருமளவுக்கு டார்கெட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதன் விளைவு. டிரேடரின் திறமை அந்த எண்ணில் தெரிவதில்லை. தூரத்துக்கு இயல்பாகக் கிடைக்க வேண்டிய விகிதத்தைவிட எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது என்பதில்தான் தெரியும்.

நிஃப்டியில் ஒரு டிரேட்

2022 செப்டம்பர் 15-ல் நிஃப்டி 18,096 வரை ஏறித் திரும்பியது. செப்டம்பர் 30-ல் 16,747 வரை இறங்கியது. அங்கிருந்து மீண்டு, அக்டோபர் 4-ல் ஏறக்குறைய 17,275-ல் முடிந்தது. அந்த முடிவு விலையில் ஒருவர் வாங்கியதாக வைத்துக்கொள்ளலாம். குறியீட்டை நேரடியாக வாங்க முடியாது, அதைப் பின்பற்றும் ஃபண்டையோ ஃபியூச்சரையோதான் வாங்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே புள்ளிகளிலேயே பார்க்கலாம்.

ஸ்டாப்லாஸ் செப்டம்பர் 30 அடிவிலைக்குச் சற்றுக் கீழே, 16,725-ல். ரிஸ்க் 550 புள்ளிகள். முந்தைய உச்சமான 18,096-க்குச் சற்று முன்னால், 18,075-ல் டார்கெட் வைத்தால் கிடைக்கக்கூடியது 800 புள்ளிகள். அதாவது ரிஸ்க்கைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 2 மடங்கு டார்கெட் 18,375-ல் வரும். 3 மடங்கு டார்கெட் 18,925-ல்.

நடந்தது இது. அக்டோபர் இரண்டாவது வாரத்தில் விலை 17,000-க்குக் கீழே போய் வந்தது, ஆனால் ஸ்டாப்லாஸைத் தொடவில்லை. நவம்பர் 1-ல் 18,075-ஐக் கடந்தது. முந்தைய உச்சத்தில் டார்கெட் வைத்தவர் 800 புள்ளிகளோடு வெளியேறியிருப்பார். அங்கே பெரிய தடை எதுவும் வரவில்லை. நவம்பர் மத்தியில் விலை 18,375-ஐயும் தொட்டது. 2 மடங்குக்காரருக்கும் வெற்றி, 1,100 புள்ளிகள்.

3 மடங்கு டார்கெட் வைத்தவரின் கதை வேறு. டிசம்பர் 1-ல் நிஃப்டி 18,887 வரை போய்த் திரும்பியது. 18,925-க்கு 40 புள்ளிகூடக் குறைவு இல்லாத தூரம். அதன் பிறகு மாதக்கணக்கில் இறக்கம். 2023 மார்ச் 20-ல் 16,828 வரை வந்தது. ஸ்டாப்லாஸுக்கு மேலே வெறும் 100 புள்ளிகள்தான் மிச்சம். கையில் 1,600 புள்ளி லாபம் இருந்த டிரேட், 450 புள்ளி நட்டத்தில் நின்றது. கடைசியில் ஜூன் இறுதியில் நிஃப்டி 18,925-ஐக் கடந்தபோது அவருக்கும் டார்கெட் கிடைத்தது. பதிவேட்டில் மூன்று டிரேடுகளும் வெற்றி என்றுதான் எழுதப்படும். ஒன்று நான்கு வாரத்தில் முடிந்தது, மற்றொன்று ஆறு வாரத்தில். மூன்றாவதுக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் பணம் முடங்கியது. தூரமான டார்கெட்டுக்கு வெற்றி வாய்ப்பு குறைவது மட்டும் விலை அல்ல, காலமும் விலைதான்.

ஒரே ஒரு டிரேடை வைத்து எந்த வழக்கம் சிறந்தது என்று சொல்ல முடியாது. இதே டிரேடில் விலை 18,096-ல் முட்டிச் சரிந்திருந்தால், முந்தைய உச்சத்துக்காரர் மட்டுமே ஜெயித்திருப்பார். அந்த இரண்டு கதைகளும் எத்தனை எத்தனை முறை நடக்கின்றன என்பதே கேள்வி.

தூரம் தரும் விகிதம்

விலைக்கு மேலே போகவோ கீழே போகவோ எந்தச் சாய்வும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட சந்தையில் எந்த டார்கெட் வைத்தாலும், நீண்ட ஓட்டத்தில் லாபமும் நட்டமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யம்தான் வர வேண்டும். 2 மடங்கு டார்கெட்டில் ஒரு வெற்றி இரண்டு தோல்விகளை ஈடுகட்டும். ஆகவே மூன்றில் ஒன்று ஜெயித்தால் கணக்கு சரியாகும். சாய்வில்லாத சந்தையில் அந்த மூன்றில் ஒன்றுதான் ஜெயிக்கும். கூட ஜெயித்தால் சாய்வு இருக்கிறது என்று அர்த்தம்.

இதன் பொது வடிவம் சுலபம். மடங்கோடு ஒன்றைக் கூட்டி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். 1 மடங்குக்கு 50 சதவீதம், ஒன்றரைக்கு 40, 2 மடங்குக்கு 33, 3 மடங்குக்கு 25. இதை அடிப்படை விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். முதலீடு தேறுவதற்குக் குறைந்தபட்சம் வேண்டிய விகிதமும் இதுவே, திறமையே இல்லாமல் கிடைக்கும் விகிதமும் இதுவே.

ரிஸ்க் மடங்கு வழக்கத்தின் பெரிய வசதி இங்கே இருக்கிறது. எல்லா டிரேடுக்கும் 2 மடங்கு என்று வைத்தவருக்கு ஒப்பிட வேண்டிய எண் ஒன்றே ஒன்று: 33. நூறு டிரேடில் 42 ஜெயித்தால், டிரேட் ஒன்றுக்குச் சராசரியாக ரிஸ்க்கில் கால் பங்கு லாபம். 42 முறை 2 மடங்கு வந்தால் 84, 58 தோல்விகளைக் கழித்தால் மிச்சம் 26. பார்வைக்குப் பாதிக்கு மேல் தோற்கும் டிரேடர், உண்மையில் நன்றாகச் சம்பாதிக்கிறார்.

அதே சமயம் இந்த வழக்கம் மனதைச் சோதிக்கும். மூன்றில் இரண்டு தோற்கும் முறையில், எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினாலும் அடுத்த ஐந்தும் தோல்வியாக இருக்கும் வாய்ப்பு 13 சதவீதம். 3 மடங்கு டார்கெட்டின் அடிப்படை விகிதத்தில் அது 24 சதவீதம். வருடத்துக்கு ஐம்பது டிரேட் எடுப்பவர் இப்படிப்பட்ட தொடர் தோல்விகளைக் கட்டாயம் பார்ப்பார். முறை கெட்டுவிட்டது என்று நினைத்து நடுவழியில் மாற்றுபவர்களில் பலர், முறை சரியாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றுகிறார்கள்.

உச்சத்தில் ஏன் விலை தயங்குகிறது

முந்தைய உச்சம் வெறும் கோடு அல்ல. அங்கே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். போட்ட பணம் திரும்ப வந்தால் போதும் என்று காத்திருந்து, விலை அந்த இடத்துக்கு வந்ததும் விற்கிறார்கள். நட்டத்தில் இருப்பதை விற்க மனம் வராமல் பிடித்துவைத்திருக்கும் இந்தப் பழக்கத்தை ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-ல் விரிவாக எழுதினார்கள். இவர்களோடு, அதே உச்சத்தில் டார்கெட் வைத்த டிரேடர்களின் விற்பனை ஆர்டர்களும் சேர்ந்துகொள்கின்றன.

கரோல் ஓஸ்லர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. ஒரு பெரிய வங்கியிடம் வந்த அந்நியச் செலாவணி ஆர்டர்களை அவர் பார்த்தார். லாபம் எடுக்கும் ஆர்டர்கள் முழு எண்களிலேயே குவிந்திருந்தன. ஸ்டாப்லாஸ் ஆர்டர்களோ அந்த எண்களைச் சற்றுத் தாண்டிக் குவிந்திருந்தன. ஆகவே விலை அந்த எண்ணில் முட்டித் திரும்புவதும் உண்டு, அதைத் தாண்டிவிட்டால் வேகமெடுப்பதும் உண்டு. ஓஸ்லர் பார்த்தது முழு எண்களை, பங்குகளின் முந்தைய உச்சங்களை அல்ல. ஆனால் ஆர்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் குவிகின்றன என்ற காரணம் இரண்டுக்கும் பொருந்தும்.

இதிலிருந்து கைமேல் பலனாக ஒன்று கிடைக்கிறது. டார்கெட்டை உச்சத்தின் மேலேயே வைக்காமல் சற்று முன்னால் வைக்க வேண்டும். விலை உச்சத்தைத் தொட்டாலும், அதே விலையில் முன்னால் நிற்கும் ஆர்டர்கள் நிறைவேறிய பிறகுதான் பின்னால் வந்தவருடைய முறை வரும். தொட்டுவிட்டுத் திரும்பும் நாளில் வரிசையின் கடைசியில் இருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு பலன், இரண்டு வழக்கங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறது. 2 மடங்கு டார்கெட் முந்தைய உச்சத்துக்குள்ளேயே விழுந்தால், வழியில் தடை இல்லை. உச்சத்தைத் தாண்டி விழுந்தால், விலை ஒரு தடையை உடைத்தாக வேண்டும். எண்ணளவில் இரண்டும் 2 மடங்குதான், ஆனால் தடை உண்மையில் வேலை செய்யும் பங்குகளில் இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு இருக்காது. நிலையான மடங்கு வைப்பவர்கள் தம் பதிவேட்டை இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

ஆனால் உச்சம் எப்போதும் தடை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. தாமஸ் ஜார்ஜ், சுவான்-யாங் ஹுவாங் இருவரும் அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து 2004-ல் எழுதிய கட்டுரையில், 52 வார உச்சத்துக்கு அருகில் இருந்த பங்குகள் அடுத்து வந்த மாதங்களில் மற்றவற்றைவிட நன்றாக ஏறியதைக் காட்டினார்கள். உச்சத்தில் விற்றுவிடும் டிரேடர், வெற்றி விகிதத்தைக் கூட்டிக்கொள்கிறார். உடைத்துக்கொண்டு ஓடும் சில டிரேடுகளின் பெரிய லாபத்தை அதற்கு ஈடாகக் கொடுக்கிறார்.

சராசரி ஏமாற்றும் இடம்

முந்தைய உச்சத்தில் டார்கெட் வைப்பவருக்கு ஒவ்வொரு டிரேடும் வேறு மடங்கில் வரும். ஒன்றில் உச்சம் பக்கத்திலேயே இருக்கும், இன்னொன்றில் தொலைவில். இங்கேதான் கணக்கு வழுக்குகிறது.

20 டிரேடுகளை எடுத்துக்கொள்ளலாம். நான்கில் டார்கெட் 0.8 மடங்கு, நான்கில் 1.2, நான்கில் 1.5, நான்கில் 2, நான்கில் 3. திட்டமிட்ட மடங்கின் சராசரி 1.7. இவற்றில் ஒன்பது ஜெயித்தன, அதாவது 45 சதவீதம். 1.7 மடங்கு, 45 சதவீதம் என்று பெருக்கினால், தோல்விகளைக் கழித்த பிறகு மொத்தம் நான்கு ரிஸ்க்குக்கு மேல் லாபம் வர வேண்டும்.

வந்தது எவ்வளவு? 0.8-ல் மூன்று வெற்றி, 1.2-ல் மூன்று, 1.5-ல் இரண்டு, 2-ல் ஒன்று, 3-ல் ஒன்றும் இல்லை. கூட்டினால் 2.4, 3.6, 3, 2, ஆக மொத்தம் 11. தோல்விகளும் 11. லாபம் பூஜ்யம். பக்கத்து டார்கெட்டுகள் எளிதில் கிடைக்கின்றன, தூரத்து டார்கெட்டுகள் தவறுகின்றன. ஆகவே வெற்றிகள் சிறியவற்றில் குவிகின்றன. திட்டமிட்ட சராசரி 1.7 ஆக இருந்தாலும், கையில் வந்த வெற்றியின் சராசரி 1.22 மட்டுமே.

இந்த வழக்கத்தில் சரியான அளவுகோல், ஒவ்வொரு டிரேடுக்கும் அதன் அடிப்படை விகிதத்தைத் தனியாக எழுதிவைத்துக் கூட்டுவது. மேலே உள்ள ஐந்து மடங்குகளுக்கும் அவை 56, 45, 40, 33, 25 சதவீதம். 20 டிரேடுக்கும் கூட்டினால், திறமை எதுவும் இல்லாமலேயே எட்டு வெற்றிகள் வர வேண்டும். வந்தது ஒன்பது. 45 சதவீதம் என்ற எண் பெருமைப்படத்தக்கதாகத் தெரிந்தாலும், உண்மையான கூடுதல் ஒரே ஒரு வெற்றிதான், அதுவும் சிறிய டார்கெட்டுகளில்.

இதைத் தவிர்க்கப் பலர் குறைந்தபட்ச வரம்பு ஒன்று வைக்கிறார்கள். முந்தைய உச்சம் ஒன்றரை மடங்குக்கு உள்ளே இருந்தால் அந்த டிரேடையே எடுப்பதில்லை. நல்ல ஏற்பாடு, நேர்மையாகச் செய்தால். நேர்மை தவறுவது ஸ்டாப்லாஸில். உச்சத்தை நகர்த்த முடியாது, ஆனால் ஸ்டாப்லாஸை நெருக்கினால் மடங்கு தானாக அழகாகிவிடும்.

அதே நிஃப்டி டிரேடில் ஸ்டாப்லாஸை 16,725-க்குப் பதில் 17,000-ல் வைத்திருந்தால் ரிஸ்க் 275 புள்ளிகளாகச் சுருங்கும். 800 புள்ளி டார்கெட், ஒன்றரை மடங்கிலிருந்து ஏறக்குறைய 2.9 மடங்காக உயரும். தாளில் டிரேட் இரண்டு மடங்கு சிறந்ததாகத் தெரியும். ஆனால் அக்டோபர் இரண்டாவது வாரத்தில் நிஃப்டி 17,000-க்குக் கீழே வந்தது நினைவிருக்கும். அந்த ஸ்டாப்லாஸ் அடிபட்டிருக்கும். மூன்று வாரத்தில் டார்கெட்டைத் தொட்ட ஏற்றத்தில் அவருக்குக் கிடைத்திருப்பது 275 புள்ளி நட்டம். மடங்கு கூடியபோதே அடிப்படை விகிதமும் 41-லிருந்து 26 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, அது கண்ணில் படுவதில்லை. 16,725-ல் ஸ்டாப்லாஸ் வைக்கக் காரணம் இருந்தது: அதற்குக் கீழே போனால் மீட்சி பொய்த்தது என்று அர்த்தம். 17,000-க்கு அப்படி ஒரு காரணமும் இல்லை.

செலவும் சிறிய டார்கெட்டும்

இந்தியாவில் பங்கை டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம். முத்திரைக் கட்டணம், பரிமாற்றக் கட்டணம், நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சேர்த்து, போக வர 0.25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டாப்லாஸ் 2 சதவீதத் தொலைவில் இருந்தால், செலவு மட்டுமே ரிஸ்க்கில் எட்டில் ஒரு பங்கு. 1 மடங்கு டார்கெட்டில் நட்டமில்லாமல் தேற வேண்டிய விகிதம் 50-லிருந்து 56-ஆகிறது. 3 மடங்கில் 25-லிருந்து 28-ஆக மட்டுமே உயர்கிறது. முந்தைய உச்சம் பக்கத்தில் இருக்கும் டிரேடுகளில் வெற்றி விகிதம் கூடுதலாகத் தெரிவதும், பணம் தங்காமல் போவதும் ஒரே சமயத்தில் நடக்க இதுதான் காரணம்.

பாதியை உச்சத்தில் விற்று, மீதிப் பாதியை 2 மடங்கு வரை வைத்திருப்பதும் பழக்கத்தில் உண்டு. நிஃப்டி டிரேடில் இது 950 புள்ளிகள் தந்திருக்கும், இரண்டு வழக்கங்களுக்கும் நடுவே. முதல் பாதி விற்றதும் மீதிக்கு ஸ்டாப்லாஸை வாங்கிய விலைக்கு ஏற்றிவிடுபவர்கள், பிறகு விலை திரும்பி வந்தாலும் அந்த டிரேடை வெற்றி என்றே எழுதுகிறார்கள். கையில் வந்தது 400 புள்ளிகள், ரிஸ்க்கில் முக்கால் பங்குகூட இல்லை. வெற்றி விகிதம் உயரும், வருமானம் உயர்ந்ததா என்பது வேறு கேள்வி.

உச்சம் இல்லாத இடமும் பின்னோக்கிப் பார்க்கும் பிழையும்

பங்கு தன் வரலாற்று உச்சத்தைத் தாண்டிவிட்டால் மேலே முந்தைய உச்சம் என்று எதுவும் இல்லை. அங்கே ரிஸ்க் மடங்கு ஒன்றே வழி, அல்லது விலை ஏற ஏற ஸ்டாப்லாஸையும் கூடவே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

பழைய சார்ட்டில் இரண்டு வழக்கங்களையும் சோதிப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. உச்சம் என்பது அது உருவான அன்றே உச்சம் என்று தெரியாது. பில் வில்லியம்ஸ் பரப்பிய இலக்கணப்படி, ஒரு நாளின் உயர்விலைக்கு முன்னால் இரண்டு நாட்களும் பின்னால் இரண்டு நாட்களும் தாழ்ந்திருந்தால் அது உச்சம். ஆகவே இரண்டு நாள் கழித்துத்தான் அது உறுதியாகும். இந்த விதியை எழுதிவைக்காமல் கண்ணால் பார்த்து உச்சத்தைத் தேர்ந்தெடுப்பவர், விலை பிற்பாடு மதித்த உச்சத்தைத்தான் தன்னை அறியாமல் தேர்ந்தெடுப்பார். சோதனையில் 60 சதவீதம் தந்த முறை, நடப்பில் 45 தருவதற்கு இதுவே போதும். ரிஸ்க் மடங்குக்கு இந்தச் சிக்கல் டார்கெட்டில் இல்லை, வாங்கும் இடத்திலும் ஸ்டாப்லாஸிலும் மட்டும் இருக்கலாம்.

சோதித்த டிரேடுகளின் எண்ணிக்கையும் பார்க்கப்பட வேண்டும். 100 டிரேடில் 40 வெற்றி என்றால், அந்த முறையின் உண்மையான விகிதம் 30-க்கும் 50-க்கும் நடுவே எங்கும் இருக்கலாம். ஒரு வழக்கம் 40, மற்றது 45 என்று நூறு டிரேடில் வந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் நிரூபணமாகவில்லை. ஒரே எண்ட்ரியையும் ஒரே ஸ்டாப்லாஸையும் வைத்து, டார்கெட்டை மட்டும் மாற்றி, ஒவ்வொரு டிரேடிலும் இரண்டும் என்ன தந்தன என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் குறைந்த டிரேடுகளிலேயே தெளிவு கிடைக்கும். பெரும்பாலான டிரேடுகளில் இரண்டும் ஜெயிக்கும் அல்லது இரண்டும் தோற்கும். விலை உச்சத்தைத் தொட்டு, 2 மடங்கைத் தொடாமல் திரும்பி ஸ்டாப்லாஸுக்குப் போன டிரேடுகளும், உச்சத்தைக் கடந்து 2 மடங்கு வரை போனவையும் எத்தனை எத்தனை என்பதில்தான் முடிவு இருக்கிறது. உச்சம் ஒன்றரை மடங்கில் இருக்கும்போது, முதல் வகையில் ஒவ்வொன்றும் 2 மடங்குக்காரருக்கு இரண்டரை ரிஸ்க் இழப்பு, இரண்டாவது வகையில் ஒவ்வொன்றும் அரை ரிஸ்க் ஆதாயம். முதல் வகை ஒன்றுக்கு இரண்டாவது வகை ஐந்துக்கு மேல் வந்தால் மட்டுமே அந்தப் பங்கில் உச்சத்தைத் தாண்டிக் காத்திருப்பது லாபம்.